ஓய்வுக்குப் பிறகு ஆலோசகர் வேலை: முதல் வாடிக்கையாளரிடம் என்ன கேட்பது, எதை எழுதிக் கொடுப்பது?

அழுத்தமானி

வணக்கம். ஒரு பெரிய ஆலையில் இயந்திரப் பராமரிப்புத் துறைத் தலைவராக இருந்து சில மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்றேன். பம்ப், கம்ப்ரஸர், நீராவிக் குழாய் என்றே காலம் ஓடியது. கையும் மூளையும் இன்னும் ஓயவில்லை.

எனக்குப் பழக்கமான ஒரு நடுத்தரத் தொழிற்சாலை உரிமையாளர், "அழுத்தக் காற்றுக்கு ஆகும் மின்செலவு கைமீறிப் போகிறது, ஒருமுறை வந்து பாருங்கள்" என்று அழைத்தார். போனேன். இரண்டு ஸ்க்ரூ கம்ப்ரஸர்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. கூடத்தில் நடந்தாலே நாலா பக்கமும் சீறும் சத்தம் கேட்கிறது. கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகு ஏதாவது ஒன்று என்றால் உடனே தொலைபேசி வருகிறது. இப்போது, "நீங்கள் முறையாக வந்து போங்கள், என்ன தர வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்கிறார்.

இங்கேதான் தடுமாறுகிறேன். நாள் கணக்கில் கேட்பதா, மாதக் கணக்கில் கேட்பதா, மிச்சமாகும் மின்செலவில் பங்கு கேட்பதா? ஓய்வூதியம் வருவதால் குறைவாகக் கேட்பதுதான் நியாயமா? இந்தத் துறையில் இறங்கியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ஒரு தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்தும் வகுப்பெடுக்க அழைப்பு வந்திருக்கிறது, ஆனால் அது பிறகு.

கூட்டல்கழித்தல்

நான் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இதில் குழம்ப ஒன்றுமில்லை. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 22 வேலை நாட்களால் வகுங்கள். அதுதான் உங்கள் ஒரு நாளின் மதிப்பு, சந்தையே நிர்ணயித்தது. ஓய்வூதியம் தனியாக வருவதால் அதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். உரிமையாளருக்கும் கணக்கு புரியும், யாரும் யாரையும் ஏமாற்றியதாக இருக்காது.

கரும்பலகை

சார், ஆலோசகர் வேலையா, வகுப்பா என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று இப்போது கல்லூரி மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். நான் வகுப்பறையைத்தான் சொல்வேன். ஆனால் ஒன்றை அறிந்துகொண்டு வாருங்கள். நமக்குத் தெரிந்தவற்றில் பாதி, நமக்கே தெரியாமல் கையோடு கலந்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பையும் லாப நட்டக் கணக்கையும் பார்த்ததும் "இதில் சரக்கு தேங்கிக் கிடக்கிறது" என்று சொல்லிவிடுவேன். எந்த வரியிலிருந்து எந்த வரிக்குக் கண் போனது என்று மாணவி கேட்டபோது, நானே மெதுவாகத் திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சரக்கு இருப்பு, விற்பனை, கடன் கொடுத்தோர் பாக்கி, மறுபடி சரக்கு இருப்பு. இடையில் இரண்டு படிகளை நான் சொல்லாமலே விட்டிருந்தேன்.

இப்போது வகுப்பு முடியும்போது, எந்த இடத்தில் புரியாமல் போனது என்பதைப் பெயர் போடாமல் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்கிறேன். அடுத்த வகுப்பு அந்தச் சீட்டுகளிலிருந்துதான் தொடங்கும். புதிய பாடம் என்றால், ஒரு மணி நேர வகுப்புக்குப் பல மணி நேரத் தயாரிப்பு ஆகும். அதற்குக் கட்டணம் தருகிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரைவுமேசை

கரும்பலகை அம்மா சொன்ன அந்தக் கடைசி வரி, அழுத்தமானியின் கேள்விக்கும் நேரடியாகப் பொருந்தும். கண்ணுக்குத் தெரியும் நேரத்துக்கு மட்டும் விலை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத நேரம் நம் தலையில் விழும்.

ஓய்வு பெற்ற பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஆலைகளுக்கு ஆலோசகராக இருக்கிறேன். கூட்டல்கழித்தல் ஐயா சம்பளத்திலிருந்து தொடங்கச் சொன்னது சரி, வகுக்கும் எண்தான் சரியில்லை. எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தும்படி உங்கள் கடைசி மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். அவர் சொன்னபடி 22-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு நாலரை வருகிறது.

ஆண்டுச் சம்பளம் 1,200. ஆனால் நிறுவனம் உங்களுக்காகச் செலவழித்தது அது மட்டுமல்ல. விடுப்புச் சம்பளம், மருத்துவம், சேமநிதிப் பங்கு, மேசை, கணினி, அளவுக் கருவிகள், பயிற்சி எல்லாம் உண்டு. அதற்குக் கால் பங்கு சேர்த்தால் 1,500. இது ஒரு பேச்சுக்கு எடுத்த கால் பங்கு. உங்கள் விஷயத்தில் என்ன என்று நீங்களே கூட்டிப் பார்க்கலாம்.

இப்போது நாட்கள். ஆண்டுக்கு 52 வாரம், வாரத்துக்கு 5 நாள் என்றால் 260. விடுமுறை, உடல்நலக் குறைவு, குடும்பக் காரியங்களுக்கு 40 போனால் 220. இந்த 220 நாளுக்கும் முழுதாக யாரும் காசு தர மாட்டார்கள். ஆளைப் பார்த்துப் பேசுவது, கொட்டேஷன் எழுதுவது, வராத பணத்துக்கு நினைவூட்டுவது, படிப்பது, கருவியை அளவுதிருத்தத்துக்கு அனுப்புவது என்று ஏறத்தாழப் பாதி போய்விடும். தனியாகத் தொழில் செய்பவருக்கு 110 நாள் கட்டணம் கிடைத்தால் அதுவே நல்ல ஆண்டு. 1,500-ஐ 110-ஆல் வகுத்தால் பதின்மூன்றரைக்குச் சற்று மேலே வருகிறது. நாலரைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள், மூன்று மடங்கு.

கூட்டல்கழித்தல்

கணக்கு புரிகிறது. ஆனால் அவர் வாடிக்கையாளர் தேடி அலையும் நாளுக்கு இந்தத் தொழிற்சாலை ஏன் பணம் தர வேண்டும்? இன்னொன்று, அவருக்கு ஓய்வூதியம் வருகிறது. 1,500 அவருக்குத் தேவையே இல்லையே.

வரைவுமேசை

அந்தத் தொழிற்சாலை ஆண்டு முழுவதற்கும் ஆள் வைத்துக்கொள்ளாமல் சில நாட்களுக்கு மட்டும் கூப்பிடுகிறதே, அந்த வசதிக்கான விலை அது. மற்ற நாட்களில் அவர் சும்மா இருப்பதன் செலவை யாரோ ஒருவர் ஏற்கத்தான் வேண்டும்.

ஓய்வூதியம் பற்றிய கேள்வி முக்கியமானது, நம் வயதுக்காரர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஓய்வூதியம் இருப்பதால் குறைந்த நாட்கள் வேலை செய்யலாம். பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்லலாம். ஒரு நாளின் விலையைக் குறைக்க அது காரணமாகாது. அவர் நாலரைக்கு ஒப்புக்கொண்டால், அதே வேலையைச் செய்து குடும்பம் நடத்தும் நாற்பது வயது ஆலோசகரின் சோற்றில் கைவைத்ததாகும். இதை நான் மனதார நம்புகிறேன். நம் ஓய்வூதியம் இன்னொரு ஆலை முதலாளிக்கு மானியமாகப் போகக் கூடாது.

நாலாவது ஷிப்ட்

நான் மறுபக்கத்தில் இருக்கிறேன். ஓர் ஆலையில் உற்பத்தி மேலாளர், ஆலோசகர்களை வேலைக்கு எடுக்கும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. வரைவுமேசை ஐயாவின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் முன்பின் அனுபவம் இல்லாத ஓர் ஆலோசகர் வந்து "ஒரு நாளுக்கு இவ்வளவு" என்று அந்த எண்ணைச் சொன்னால் என் முதலாளி மனதுக்குள் உடனே மாதத்தால் பெருக்கிப் பார்ப்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எத்தனை நாள் இழுக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது, அந்தப் பயம்தான்.

அதே ஆள் "இந்தக் கேள்விக்கு இந்தத் தேதிக்குள் இந்தப் பதிலைத் தருவேன், மொத்தம் இவ்வளவு" என்றால் ஒப்புதல் வாங்குவது எளிது. நாள் கணக்கு உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். எங்களுக்குக் காட்ட வேண்டியது முழு வேலையின் விலை.

வரைவுமேசை

முழுக்க ஏற்கிறேன், நானும் அப்படித்தான் செய்கிறேன். அழுத்தமானி, உங்கள் முதல் வேலையை "முறையாக வந்து போவது" என்று வைக்காதீர்கள். "அழுத்தக் காற்றுக் கசிவு ஆய்வு" என்று முனை தெரிகிற ஒரு வேலையாக வையுங்கள். ஆலையில் இரண்டு நாள், கணக்கிட்டு அறிக்கை எழுத இரண்டு நாள், உட்கார்ந்து விளக்க அரை நாள். நாலரை நாளைப் பதின்மூன்றரையால் பெருக்கினால் 61. அதை 60 என்று சொல்லுங்கள். அதாவது உங்கள் பழைய மாதச் சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேல். பயணச் செலவு தனி. பாதிப் பணம் வேலை தொடங்கும் முன், மீதி அறிக்கை கொடுத்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் என்று எழுதிவிடுங்கள்.

ஆய்வு என்றால் என்ன செய்வீர்கள் என்பதை நீங்களே அறிவீர்கள், ஆனால் வாடிக்கையாளர் அறிய மாட்டார். அதை அவருக்குப் புரியும் சொல்லில் எழுத வேண்டும்.

அழுத்தமானி

சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். வார விடுமுறையில் காற்றைப் பயன்படுத்தும் இயந்திரங்கள் எல்லாம் நின்றிருக்கும்போது ஒரு கம்ப்ரஸரை மட்டும் ஓட்ட வேண்டும். காற்று போகும் இடம் கசிவு மட்டும்தான். கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் தரும் லோடு நேரம், காற்று தராமல் சும்மா சுழலும் அன்லோடு நேரம் இரண்டையும் பல சுற்றுகளுக்கு நிறுத்துக் கடிகாரத்தில் குறிப்பேன். சராசரியாக 3 நிமிடம் லோடு, 7 நிமிடம் அன்லோடு என்றால், 10 நிமிடத்தில் 3 நிமிடம், ஆகவே அந்தக் கம்ப்ரஸரின் திறனில் 30 சதவீதம் கசிவு. அதன் திறன் நிமிடத்துக்கு 10 கன மீட்டர் என்றால் 3 கன மீட்டர் காற்று வீணாகிறது.

பிறகு கூடத்தில் நடந்து, மீயொலிக் கருவியாலும் சோப்பு நீராலும் கசியும் இடங்களைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட அட்டை கட்டுவேன். பெரும்பாலும் விரைவு இணைப்புகள், ஹோஸ் பிடிகள், சிலிண்டர் சீல்கள், தானாகத் திறக்க வேண்டிய வடிகால் வால்வுகள். பராமரிப்பு சரியில்லாத ஆலையில் 20 முதல் 30 சதவீதம் கசிவு சாதாரணம். பொறுமையாகச் செய்தால் பத்துக்குள் கொண்டுவரலாம். அப்படியானால் மின்செலவில் 20 சதவீதம் மிச்சம், அதில் ஒரு பங்கை நான் கேட்கலாம் அல்லவா?

வரைவுமேசை

சோதனை நீங்கள் சொன்னபடியேதான். அந்தக் கடைசி வரியை மட்டும் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.

லோடு-அன்லோடு முறையில் ஓடும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் அன்லோடில் காற்று தராது, ஆனால் மின்சாரம் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். முழுச் சுமையில் எடுப்பதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. ஆகவே கசிவு 20 சதவீதம் குறைந்தால் இயந்திரம் அந்த நேரத்தை அன்லோடில் கழிக்கும், மின்செலவு அதே அளவு இறங்காது. மீட்டரைப் பார்த்து முதலாளி "நீங்கள் சொன்னது வரவில்லையே" என்பார். குறைந்த தேவையைப் பயன்படுத்தி இரவு ஷிப்ட்டில் ஒரு கம்ப்ரஸரை முழுவதுமாக நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். உண்மையான மிச்சம் அங்கே இருக்கிறது. அல்லது அழுத்தத்தைக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். 7 பார் அளவில் ஓடும் ஆலையில் 1 பார் குறைத்தால் மின்சாரம் ஏறத்தாழ 7 சதவீதம் குறையும், கசிவும் சேர்ந்து குறையும்.

மிச்சத்தில் பங்கு கேட்பதில் இன்னொரு சிக்கல். அடுத்த மாதம் அவருக்குப் பெரிய ஆர்டர் வந்து மூன்றாவது ஷிப்ட் ஓட்டினால் மின்செலவு கூடும். அப்போது உங்கள் மிச்சம் எங்கே போனது என்று யார் கணக்குப் போடுவது? உற்பத்தி அளவோடு ஒப்பிட்டு, முன்பும் பின்பும் தனி மீட்டர் வைத்து அளந்தால்தான் அந்த ஒப்பந்தம் நிற்கும். பழகிய மனிதரோடு இந்த வழக்கு வேண்டாம்.

நாலாவது ஷிப்ட்

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மிச்சத்தில் பங்கு என்றால்தான் எங்கள் நிர்வாகம் பயமில்லாமல் கையெழுத்துப் போடும். தனி மீட்டர் வைத்து, ஒரு டன் உற்பத்திக்கு இத்தனை யூனிட் என்று பேசிக்கொண்டால் சண்டைக்கு இடமில்லை. நாங்கள் அப்படிச் செய்து நன்றாகவே நடந்தது.

வரைவுமேசை

உங்கள் ஆலையில் ஒரே வகைச் சரக்கு ஓடுகிறதா? பல வகை ஓடினால் ஒரு டன்னுக்கு இத்தனை என்பதே ஆட்டம் காணும். உங்களுக்கு நடந்ததை மறுக்கவில்லை. முதல் வேலைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

மாலைவெயில்

என் அப்பாவுக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவரும் இப்படித்தான், பழைய நிறுவனத்திலேயே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று காத்திருக்கிறார். திரும்பச் சேர்ந்தால் ஓய்வூதியம் நின்றுவிடுமா என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய கவலை. அழுத்தமானி ஐயா, உங்கள் பழைய ஆலை உங்களை எந்த நிபந்தனையில் திரும்ப எடுக்கிறது?

அழுத்தமானி

அம்மா, என்னை அழைத்திருப்பது என் பழைய ஆலை இல்லை, வேறொரு தொழிற்சாலை. அப்பாவின் கேள்விக்கு அவருடைய ஓய்வூதிய விதிகளில்தான் பதில் இருக்கும். ஆணையைக் கையில் எடுத்துப் பணியாளர் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டதும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. இந்தத் தொழிற்சாலை என் பழைய ஆலைக்கு உதிரிபாகம் செய்து தருகிறது. நாங்கள் அங்கே உருவாக்கிய கசிவு ஆய்வுப் படிவம், பராமரிப்பு அட்டவணை எல்லாம் என் மடிக்கணினியில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா?

வரைவுமேசை

தொடாதீர்கள். தலையில் இருக்கும் திறமை உங்களுடையது, கோப்பில் இருப்பது அவர்களுடையது. பெரும்பாலான வேலை ஒப்பந்தங்கள் இந்த இடத்தில்தான் கோடு போடுகின்றன. படிவத்தை வெற்றுத்தாளில் புதிதாக எழுதுங்கள், ஒரு மாலை நேர வேலை. பழைய கோப்புகளை நிறுவனத்திடம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அல்லது அவர்கள் சொல்கிறபடி அழியுங்கள்.

ஓய்வு பெறும்போது கையெழுத்திட்ட தாள்களையும் எடுத்துப் படியுங்கள். போட்டி நிறுவனங்களுக்கோ, சப்ளை செய்பவர்களுக்கோ இத்தனை மாதம் வேலை செய்யக் கூடாது என்று இருக்கலாம். அரசுப் பணி என்றால் அதற்குத் தனி விதியே இருக்கும், முன் அனுமதி தேவைப்படலாம். உங்கள் பழைய ஆலைக்கு ஒரு சிறு கடிதம் எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது. நாளை வேறு யாரோ போய்ச் சொல்வதைவிட நீங்கள் சொல்வது மேல்.

நாலாவது ஷிப்ட்

அறிக்கை பற்றி ஒரு வேண்டுகோள். எங்களுக்கு வரும் ஆலோசகர் அறிக்கைகள் அறுபது, எழுபது பக்கம் இருக்கும். முதல் இருபது பக்கத்தில் எங்கள் ஆலையைப் பற்றி எங்களுக்கே விளக்கியிருப்பார்கள். அவை அலமாரிக்குப் போகின்றன. ஒரே ஒரு பக்கம் போதும். என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும், உத்தேசச் செலவு, உத்தேச மிச்சம், எதை முதலில். அளவீடுகள் பின்னிணைப்பில் இருக்கட்டும், சந்தேகம் வந்தால் பார்ப்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய பதவியில் இருந்தவர்கள் வந்து எங்கள் ஆட்களிடம் உத்தரவுக் குரலில் பேசுகிறார்கள். பையன்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். எங்களிடம் ஒருமுறை கம்ப்ரஸர் அழுத்தம் 8 பாரில் வைக்கப்பட்டிருந்தது. வந்த ஆலோசகர் யாரையும் கேட்காமல் 7 ஆகக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் திரும்ப 8. அடுத்து வந்த பெரியவர் அப்படிச் செய்யவில்லை. ஓர் ஆபரேட்டரிடம், "எப்போதிலிருந்து ஏற்றினீர்கள், ஏன்?" என்று கேட்டுவிட்டு அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்தார். கடைக்கோடியில் உள்ள பொதி கட்டும் இயந்திரத்தின் சிலிண்டர் மெதுவாக நகர்கிறது, அதனால்தான் ஏற்றினோம் என்றார் ஆபரேட்டர். அங்கே போய் அழுத்தமானி பொருத்திப் பார்த்தால் 6 பார்கூட இல்லை. வழியில் ஒரு ஃபில்டர் அடைத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றியதும் 7-இலேயே இயந்திரம் ஓடியது, இன்றுவரை யாரும் ஏற்றவில்லை. ஆலோசகருக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது, கேட்கும் உரிமைதான் உண்டு. அவர் அதை அறிந்திருந்தார்.

கரும்பலகை

அந்தப் பெரியவர் நல்ல ஆசிரியராகவும் இருந்திருப்பார்.

நிழற்குடை

நான் வேறு திசையிலிருந்து வருகிறேன். ஓய்வுக்குப் பிறகு முதியோர் நலனுக்கான ஒரு தொண்டு அமைப்பில் வேலை செய்கிறேன். சம்பளம் இல்லை. இங்கே எல்லோரும் கட்டணத்தையே பேசுகிறீர்கள். ஓய்வூதியம் போதும் என்கிறவர் ஏன் தன் அறிவை இலவசமாகத் தரக் கூடாது? ஜெர்மனியில் போன் நகரை மையமாகக் கொண்டு 1983-இல் தொடங்கிய சீனியர் எக்ஸ்பெர்ட்டன் சர்வீஸ் ஓய்வு பெற்ற நிபுணர்களைப் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய ஸ்கோர் அமைப்பில் அனுபவசாலிகள் சிறு தொழில் செய்பவர்களுக்கு இலவசமாகவே வழிகாட்டுகிறார்கள்.

வரைவுமேசை

தாராளமாகத் தரலாம், நானும் தருகிறேன். ஆனால் நீங்கள் சொன்ன அமைப்புகளில் இலவசத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. என்ன வேலை, எத்தனை நாள், பயணச் செலவு யாருடையது என்று முன்பே பேசி முடித்துத்தான் போகிறார்கள். தொலைபேசியில் வரும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பது வேறு. அழுத்தமானிக்கு நடப்பது அதுதான். லாபம் ஈட்டும் ஆலைக்கு எல்லையில்லாத இலவசம் எதற்கு?

நிழற்குடை

எல்லை வேண்டும் என்பதை என் அனுபவத்திலும் பார்த்திருக்கிறேன். எங்கள் அமைப்புக்கு ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி வந்தார், நல்ல மனிதர், உழைப்பாளி. நன்கொடைக் கணக்கு முழுவதையும் கணினியில் அட்டவணைகளாக மாற்றித் தந்தார். ஒன்றோடொன்று பின்னிய சூத்திரங்கள், ஒரு தாளில் ஓர் எண்ணை மாற்றினால் பத்து இடத்தில் மாறும். அவர் இருந்தவரை அருமையாக நடந்தது. குடும்பக் காரணத்தால் திடீரென்று வெளியூர் போக வேண்டியிருந்தது. அடுத்த மாத ரசீதுகளைப் பதிவு செய்ய எங்கள் அலுவலகப் பெண்ணால் முடியவில்லை, எந்தக் கட்டத்தைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பழைய நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பினோம்.

அதன்பிறகு நாங்கள் வைத்திருக்கும் விதி, தன்னார்வலர் உருவாக்கும் எதையும் சம்பளத்தில் இருக்கும் ஒருவர் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். தன்னார்வலர் ஒரு மாதம் விலகி நிற்க, அது ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. உங்கள் ஆலோசனை வேலைக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். கசிவு மறுபடி வரும் அல்லவா?

அழுத்தமானி

கட்டாயம் வரும். சரிசெய்து விட்டுவிட்டால் ஓராண்டில் ஏறக்குறைய பழைய நிலைதான். ஆகவே நிறுத்துக் கடிகாரச் சோதனையை அங்குள்ள ஃபிட்டர் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து, மாதம் ஒரு விடுமுறை நாளில் அவரே செய்து பதிவேட்டில் எழுதும்படி வைக்கலாம். இதை நான் யோசித்திருக்கவில்லை, நன்றி.

எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு கடித வரைவு:

"தங்கள் ஆலையின் அழுத்தக் காற்று அமைப்பில் கசிவு அளவையும் அழுத்த இழப்பையும் அளந்து, சரிசெய்ய வேண்டிய இடங்களின் பட்டியலையும் முன்னுரிமையையும் ஒரு பக்கச் சுருக்கத்தோடு அளிப்பேன். ஆலையில் இரண்டு நாள், அதில் ஒன்று வார விடுமுறை நாள். தங்கள் ஃபிட்டர் ஒருவர் இரண்டு நாளும் உடனிருந்து சோதனை முறையைக் கற்றுக்கொள்வார். ஏணி, மின்பாதுகாப்பு அனுமதி, கடந்த ஓராண்டு மின்கட்டண விவரம் ஆகியவற்றைத் தாங்கள் தர வேண்டும். பழுது நீக்கும் வேலையும் புதிய கருவி வாங்குவதும் இதில் அடங்கா. கட்டணம் மொத்தமாக இவ்வளவு, பாதி முன்பணம், பயணச் செலவு தனி."

வரைவுமேசை

நன்றாக இருக்கிறது. இரண்டு வரி சேருங்கள். ஒன்று, அறிக்கைக்குப் பிறகு தொலைபேசியில் விளக்கம் கேட்க எத்தனை நாள் வரை, அதற்குமேல் தனிக் கட்டணம் என்று. உங்களைத் தொல்லைப்படுத்திய அந்த அழைப்புகள் அப்போதுதான் ஒழுங்குபடும். இரண்டு, காற்றுக்கலன்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இந்த ஆய்வில் வராது என்று. அழுத்தக் கலன்களைச் சட்டப்படி சோதித்துச் சான்று தர அதற்கென்று அங்கீகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். "வந்ததுதான் வந்தீர்கள், இதிலும் ஒரு கையெழுத்து" என்று நட்பாக நீட்டுவார்கள், போடாதீர்கள்.

தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு பற்றியும் விசாரித்துவிடுங்கள். பெரும்பாலான பாலிசிகளில், நீங்கள் வேலை செய்த ஆண்டில் பாலிசி இருந்தது என்பது போதாது. இழப்பீடு கோரும் நாளிலும் அது நடப்பில் இருக்க வேண்டும். ஆகவே பிற்பாடு தொழிலை நிறுத்தும்போது, முடித்த வேலைகளுக்காகச் சில ஆண்டுகள் தொடரும் பாதுகாப்பு கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கூட்டல்கழித்தல்

நான் இன்னும் 60 அதிகம் என்றே நினைக்கிறேன், ஆனால் கடிதத்தில் குறை சொல்ல முடியவில்லை. அவர் இதற்குப் பிறகும் மாதாமாதம் வரச் சொன்னால்? அப்போதாவது மாதக் கட்டணம் பேசலாமா?

வரைவுமேசை

பேசலாம், அறிக்கை கொடுத்த பிறகு. மாதம் ஒரு நாள் வருகை, பதிவேட்டைப் பார்த்து ஒரு பக்கக் குறிப்பு, மூன்று மாதம் கழித்து இரு தரப்பும் மறுபரிசீலனை என்று. ஒரு நாளுக்குரிய அதே பதின்மூன்றரைதான், குறைக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரே வாடிக்கையாளரிடம், அவர் சொல்லும் நேரத்துக்குப் போய், அவர் சொல்லும் வேலையைச் செய்தால், பல நாடுகளில் வரித்துறை உங்களைத் தனித்தொழில் செய்பவராக ஏற்காமல் ஊழியர் என்றே கருதும். ஆலைக்கும் அதனால் சிக்கல். இரண்டாவது வாடிக்கையாளரை அதற்குள் தேடிக்கொள்வது நல்லது.

நாலாவது ஷிப்ட்

ஒரு நாளுக்கு அதே விலை என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஓராண்டுக்கு உறுதி தந்தால் நாங்கள் தள்ளுபடி கேட்போம், எல்லா ஆலையும் கேட்கும். அலையும் நாட்கள் குறைகின்றன என்று நீங்கள் சொன்ன கணக்கே அதற்குக் காரணம் தருகிறதே.

வரைவுமேசை

அது நியாயமான வாதம். ஓராண்டு உறுதி எழுத்தில் இருந்து, நடுவில் நிறுத்தினால் இரண்டு மாத அறிவிப்பும் இருந்தால் பத்தில் ஒரு பங்கு விடலாம். வாய்வார்த்தை உறுதிக்கு நான் விட மாட்டேன்.

அழுத்தமானி

கடிதத்தில் இரண்டு வரிகளையும் சேர்த்துவிட்டேன். பழைய ஆலைக்கும் கடிதம் எழுதியாயிற்று. அவர்கள் பதில் வந்ததும் இதை உரிமையாளரிடம் கொடுக்கிறேன். விடுமுறை நாளில் சோதனைக்கு ஒப்புக்கொள்வாரா என்பதுதான் இப்போது கேள்வி, அவர் ஆலையில் ஞாயிற்றுக்கிழமையும் சில இயந்திரங்கள் ஓடுகின்றன. அவற்றின் கிளை வால்வை மூடிவிட்டு அளக்க முடியுமா என்று குழாய் வரைபடம் கேட்டிருக்கிறேன்.